ஞாயிற்றுக்கிழமை விற்பனை செவ்வாய்க்கிழமை ஏன் மாறுகிறது?

மளிகையும் வீட்டுச் சாமானும் விற்கும் ஒரு பல்பொருள் அங்காடி. ஐந்து கிளைகள். தலைமை அலுவலகத்தில் தினமும் காலை 9 மணிக்கு ஒருவர் கணினியைத் திறந்து முந்தைய நாட்களின் விற்பனை ரிப்போர்ட்டை எடுத்து, கிளை மேலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். திங்கட்கிழமை போட்டதில் ஞாயிறு 12ஆம் தேதி விற்பனை ரூ. 8,46,250. செவ்வாய்க்கிழமை போட்டதில் அதே 12ஆம் தேதிக்கு ரூ. 8,45,590.

அடுத்த ஐந்து நிமிடத்தில் குழுவில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். “சார், நேத்து வேற நம்பர்ல இருந்துச்சு?” “எந்த ரிப்போர்ட்ட நம்புறது?” “எங்க கிளையில குறைச்சுட்டீங்களா?” ஞாயிற்றுக்கிழமை இரவே ஷட்டரை இறக்கியாகிவிட்டது. நடந்து முடிந்த ஒரு நாளின் விற்பனை எப்படி 660 ரூபாய் குறையும்?

இந்தக் கடையும் இந்த எண்களும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் கிளைகள் வைத்து வியாபாரம் செய்யும் எந்த நிறுவனத்திலும் இதே கேள்வி இதே வார்த்தைகளில் எழும். ஊழியர்கள் வழக்கமாகக் கேட்பதையும், கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லும் பதிலையும் இந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையை வைத்துப் பார்த்துவிடலாம்.

இரண்டு எண்ணில் எது தப்பு?

இரண்டும் சரி. திங்கட்கிழமை காலை 9 மணிவரை தலைமை அலுவலக சர்வருக்குத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமை விற்பனை ரூ. 8,46,250. செவ்வாய்க்கிழமை காலை 9 மணிவரை தெரிந்தது ரூ. 8,45,590. நடந்தது ஒரே ஞாயிறுதான். அதைப் பற்றித் தெரியவந்த சேதி இடையில் உள்ள 24 மணி நேரத்தில் கூடியிருக்கிறது.

ரிப்போர்ட் என்பது முன்பே எழுதி வைத்த தாள் என்ற நினைப்பில்தான் குழப்பம் தொடங்குகிறது. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கணினி, ‘12ஆம் தேதி போட்ட பில்களை எல்லாம் எடுத்துக் கூட்டு’ என்ற கட்டளையைப் புதிதாக நிறைவேற்றுகிறது. நேற்று என்ன விடை சொன்னோம் என்பது அதற்கு நினைவில் இல்லை. பில்களின் குவியலில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ விடையும் மாறும்.

ஆகவே ஒவ்வொரு விற்பனை எண்ணுக்கும் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று விற்பனை நடந்த தேதி. மற்றது அந்த எண்ணை எடுத்த தேதியும் நேரமும். வாட்ஸ்அப்பில் போடும்போது முதல் தேதியை மட்டும் எழுதி இரண்டாவதை விட்டுவிடுவதால்தான் இரண்டு எண்களும் ஒன்றையொன்று பொய்யாக்குவது போலத் தெரிகின்றன.

கடை மூடிய பிறகு ஞாயிறு கணக்கில் புது பில் எப்படி வரும்?

மூன்றாம் கிளையின் இரண்டாம் கவுன்ட்டரில் நடந்தது இது. ஞாயிறு இரவு 8.40க்கு இன்டர்நெட் போய்விட்டது. கடை நிற்கவில்லை. பில்லிங் மென்பொருள்கள் பெரும்பாலும் இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. பில் கவுன்ட்டர் கணினியிலேயே தங்கும். இணைப்பு வந்ததும் சர்வருக்குப் போகும். கேஷியர் பணமும் கார்டுமாக வாங்கி மேலும் 14 பில் போட்டார். 9.30க்கு வழக்கம்போல டே எண்ட் ஸ்லிப்பை எடுத்து மேஜை டிராயரில் வைத்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்த 14 பில்லும் அணைந்த கணினிக்குள் தூங்கின. திங்கள் காலை 9 மணிக்கு ரிப்போர்ட் எடுத்தபோது சர்வருக்கு அவற்றைப் பற்றி எதுவும் தெரியாது. 10 மணிக்குக் கடை திறந்து கணினியைப் போட்டதும் அவை ஒவ்வொன்றாக ஏறின. மொத்தம் ரூ. 7,420. ஒவ்வொரு பில்லிலும் அச்சான நேரம் ஞாயிறு இரவு என்பதால், அவை ஞாயிறு கணக்கில் போய் உட்கார்ந்தன.

போட வேண்டிய இடமும் அதுதான். பில் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை வைத்துக் கூட்டினால் இந்த 14 பில்லும் திங்கட்கிழமை விற்பனையாகியிருக்கும். ஞாயிறு எண் மாறியிருக்காது. ஆனால் ஞாயிறு இரவு எவ்வளவு கூட்டம் இருந்தது, அடுத்த ஞாயிறுக்கு எத்தனை கேஷியர் வேண்டும் என்று பார்க்கிறவருக்குத் தவறான சேதி போயிருக்கும். எண் அசையாமல் இருப்பதும் எண் உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைப்பது கடினம்.

கடிகாரம் செய்யும் வேலை ஒன்றும் இதோடு சேர்ந்தது. பல சர்வர்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. அது இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. அந்தக் கடிகாரப்படி தேதி மாறுவது நமக்கு விடியற்காலை 5.30க்கு. கடையில் நள்ளிரவுக்கு மேல் பில் போடுவதில்லை என்பதால் பாதிப்பு இருக்காது. அதே நிறுவனம் ஆன்லைனிலும் விற்றால், நள்ளிரவு 1 மணிக்கு வந்த ஆர்டர் ஒரு ரிப்போர்ட்டில் ஞாயிற்றுக்கிழமையிலும் இன்னொன்றில் திங்கட்கிழமையிலும் இருக்கும். இப்படிப்பட்ட வித்தியாசம் நாளுக்கு நாள் மாறாது. எந்த நாள் எடுத்தாலும் இரண்டு ரிப்போர்ட்டுக்கும் இடையே அதே இடைவெளி இருந்தபடி இருக்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பில் சேர்ந்தால் கூடத்தானே வேண்டும், ஏன் குறைந்தது?

திங்கட்கிழமை பகல் முழுக்க, ஞாயிறு விற்பனையிலிருந்து கழிக்க வேண்டியவை ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

ஞாயிறு மாலை ஒரு வாடிக்கையாளர் ரூ. 1,860க்குப் பொருள் எடுத்து யுபிஐயில் பணம் அனுப்பினார். அவர் போனில் பணம் போனதாகக் காட்டியது. கவுன்ட்டரில் வரவில்லை என்று காட்டியது. பின்னால் வரிசை நீண்டதால் கேஷியர் அந்த பில்லை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக இன்னொரு பில் போட்டு ரொக்கம் வாங்கிக்கொண்டார். விற்றது ஒரு முறை, பில் இரண்டு. திங்கட்கிழமை மேற்பார்வையாளர் பார்த்து முதல் பில்லை ரத்து செய்தார். (வாடிக்கையாளர் கணக்கில் கழிந்த பணம் தனிக் கதை. கடைக்கு யுபிஐயில் செலுத்தி உறுதி வராத தொகையைப் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திருப்பிவிட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி.)

அடுத்தது கடலை எண்ணெய். ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கியவருக்கு ஸ்கேனர் இரண்டு முறை ‘பீப்’ என்றதில் இரண்டு கேனுக்கு பில் விழுந்திருந்தது. வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் காலை பில்லோடு வந்து நின்றார். ஒரு கேனின் விலை ரூ. 1,090 திருப்பிக் கொடுக்கப்பட்டது.

கடைசியாக, சாதாரண ரிட்டர்ன்கள். கேஸ்கட் சரியாக உட்காராத குக்கர், ரூ. 2,450. பழைய அரிசி என்று நினைத்து வாங்கிப் போய், பிரித்துப் பார்த்ததும் புது அரிசி என்று தெரிந்த 26 கிலோ மூட்டை, ரூ. 1,560. சில்லறை சாமான்கள் நான்கு பில்லில் ரூ. 1,120. மொத்தம் ரூ. 5,130.

இந்த நிறுவனத்தின் ரிப்போர்ட், திரும்பி வந்த பொருளை அது விற்ற நாளின் கணக்கிலேயே கழிக்கும்படி அமைக்கப்பட்டது. அப்படி அமைக்க நியாயமான காரணம் உண்டு. எந்த நாள் சலுகையில் விற்ற குக்கர் அதிகம் திரும்பி வருகிறது என்று தெரிய வேண்டுமானால், ரிட்டர்னை அந்த நாளோடு கட்டித்தான் பார்க்க வேண்டும். அதற்குத் தரும் விலை, பழைய தேதி எண்கள் கொஞ்ச நாளைக்கு அசைந்துகொண்டே இருப்பது.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். திங்கள் காலை எண் 8,46,250. தாமதமாக வந்த பில் 7,420 கூடுகிறது. ரத்தான பில் 1,860, எண்ணெய் 1,090, ரிட்டர்ன் 5,130 கழிகின்றன. மிச்சம் ரூ. 8,45,590. ஒரு ரூபாய்கூட விடுபடவில்லை.

வெறும் 660 ரூபாய்தானே, இதைத் தேடுவானேன்?

மாறியது 660 ரூபாய் என்பது கூட்டல் கழித்தல் முடிந்தபின் மிஞ்சியது. உள்ளே கூடியதையும் கழிந்ததையும் சேர்த்தால் ரூ. 15,500 அசைந்திருக்கிறது. ஏறுவதும் இறங்குவதும் ஏறக்குறைய சமமாக இருந்ததால் வெளியே சின்ன வித்தியாசமாகத் தெரிந்தது. ரிட்டர்ன் இன்னும் கொஞ்சம் குறைந்து, கழிந்ததும் 7,420 ஆகியிருந்தால் இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே எண்ணைக் காட்டியிருக்கும். எதுவுமே மாறவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். மூன்றாம் கிளையில் கணினியை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அதனால்தான் அனுபவப்பட்ட கணக்காளர்கள் ரூபாயோடு பில் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் 1,912 பில். செவ்வாய்க்கிழமை 1,925. பதினான்கு வந்தது, ஒன்று ரத்தானது. ரிட்டர்னில் பில் அழிவதில்லை, அதன் தொகைதான் குறைகிறது. விற்பனை குறைந்து பில் கூடியிருக்கிறது என்பதே, உள்ளே இரண்டு வேறு வேலைகள் நடந்திருக்கின்றன என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் அக்கவுண்ட்ஸ் பிரிவில் மட்டும் எண் ஏன் மாறவில்லை?

இதே நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை விற்பனை ரூ. 8,53,670 என்பார்கள். மூன்றாவதாக ஒரு எண்! கேட்டவருக்குத் தலை சுற்றும்.

அக்கவுண்ட்ஸில் ஞாயிறு விற்பனையை எழுதுவது கவுன்ட்டர்களின் டே எண்ட் ஸ்லிப்பை வைத்து. அந்த டிராயரில் இருந்த ஸ்லிப்பில் 14 பில்லும் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. ஆகவே 8,46,250 உடன் 7,420 சேர்த்து 8,53,670 என்று முதலிலேயே முழுத் தொகையும் ஏறிவிட்டது. அதன்பின் வந்த ரத்து, எண்ணெய், ரிட்டர்ன் ஆகிய மூன்றும் சேர்ந்த ரூ. 8,080 ஞாயிறு பக்கத்தில் கழிக்கப்படவில்லை. திங்கட்கிழமை பக்கத்தில், திங்கட்கிழமை தேதியில் எழுதப்பட்டது. 8,53,670இல் 8,080 போனால் அதே 8,45,590. மூன்று எண்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

கணக்குப் புத்தகத்தின் வழக்கம் இது. எழுதி முடித்த பக்கத்தை அழிப்பதில்லை. தப்பு தெரிந்தால், தெரிந்த நாளின் தேதியில் திருத்தப் பதிவு போடுவார்கள். ஜிஎஸ்டியும் இதே வழியில் போகிறது. பொருள் திரும்பினால் பழைய விலைப்பட்டியலை மாற்றாமல் கிரெடிட் நோட் போட வேண்டும். அதை, போட்ட மாதத்தின் ரிட்டர்னில் காட்ட வேண்டும். கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு இருக்க வேண்டும், அதை அணைத்துவைக்க முடியக் கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம்.

ஆக, விற்பனை ரிப்போர்ட் பழைய நாளை மறுபடி எண்ணிப் பார்க்கிறது. கணக்குப் புத்தகம் பழைய நாளை அப்படியே விட்டுவிட்டு இன்றைய பக்கத்தில் சரிசெய்கிறது. நேற்று எண் ஏன் மாறியது என்ற கேள்வி முதலாவதில் எழும். இரண்டாவதில் வேறு கேள்வி எழும்: இன்றைக்கு ஏன் இவ்வளவு ரிட்டர்ன்?

இந்த இரண்டாவது வழியின் சங்கடத்தைத் தமிழகம் 2020இல் நேரில் பார்த்தது. அந்த ஆண்டு ஜூலை 22 அன்று மாநில அரசின் கொரோனா அறிக்கையில், முந்தைய மாதங்களில் நிகழ்ந்து கணக்கில் சேராமல் இருந்த 444 மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்க்க அமைக்கப்பட்ட குழு கண்டெடுத்தவை அவை. அறிவிப்புத் தேதியை வைத்து வரைபடம் போட்டவர்களுக்கு அந்த நாளில் ஒரு கோபுரம் எழுந்தது. உண்மையில் அன்றைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. மரணம் நிகழ்ந்த தேதியை வைத்துப் போட்டிருந்தால் கோபுரம் இருந்திருக்காது. ஆனால் மார்ச் மாதத்திலிருந்து பல நாட்களின் பழைய எண்கள் சத்தமில்லாமல் மாறியிருக்கும். இரண்டு வழியிலும் வாசகர் ஒரு கேள்வி கேட்கத்தான் செய்வார்.

இந்த மாற்றம் எப்போதுதான் நிற்கும்?

நிற்கும் நாளை நிறுவனம்தான் முடிவு செய்ய வேண்டும். நம் கடையில் பொருளைத் திருப்பித் தர ஏழு நாள் அவகாசம் என்று வைத்துக்கொண்டால், 12ஆம் தேதி விற்றது 19ஆம் தேதிவரை திரும்பி வரலாம். 20ஆம் தேதி காலை அந்த நாளைப் பூட்டிவிடலாம். பூட்டுவது என்றால், அன்றைய எண்ணை நகலெடுத்துத் தனியாக வைத்துவிட்டு, அதன்பின் வரும் திருத்தம் எதுவாக இருந்தாலும் அது வந்த நாளின் கணக்கில் போகும்படி செய்வது.

வரி செலுத்தும் வியாபாரிகள் இந்த ஏற்பாட்டை ஏற்கெனவே பார்த்துப் பழகியவர்கள். ஜிஎஸ்டி தளத்தில் GSTR-2A என்று ஒரு பட்டியல் உண்டு. சப்ளையர்கள் தங்கள் ரிட்டர்னைப் பதிவேற்றப் பதிவேற்ற, வாங்கியவரின் 2A மாறிக்கொண்டே இருக்கும். ஏப்ரல் மாத 2Aவை மே மாதம் எடுத்தால் ஒரு தொகை, ஜூன் மாதம் எடுத்தால் இன்னொரு தொகை. தாமதமாகத் தாக்கல் செய்த ஒரு சப்ளையர் போதும், ஆடிட்டரும் வியாபாரியும் ஆளுக்கொரு பிரிண்ட் அவுட்டோடு வாக்குவாதம் செய்ய.

இதற்காகவே 2020இல் GSTR-2B வந்தது. அது மாதம் முடிந்து அடுத்த மாதம் 14ஆம் தேதி உருவாகும். அதற்குப் பின் சப்ளையர் பதிவேற்றினால் அது அடுத்த 2Bயில்தான் வரும். 2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ் முறைக்குப் பிறகு, வாங்கியவர் தம் பட்டியலில் உள்ள பில்லை ஏற்பதோ மறுப்பதோ செய்தால், 3B தாக்கல் செய்யும்வரை 2Bயை மறுபடி கணக்கிட்டுக்கொள்ள முடிகிறது. அப்போதும் அது தானாக மாறுவதில்லை. மாற்றுவது வாங்கியவரின் கை.

2A இருக்கும்போதே 2B ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தால் கடைக்கும் விடை கிடைத்துவிடும். இன்றைய நிலவரம் அறிய அசையும் பட்டியல் வேண்டும். பணம் கொடுக்கவும் வரி கட்டவும் அசையாத பட்டியல் வேண்டும். ஒன்றையே இரண்டுக்கும் பயன்படுத்தும்போதுதான் தகராறு.

இது வழக்கமான மாற்றமா, கோளாறா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் டிராயரில் கிடக்கும் அந்த டே எண்ட் ஸ்லிப்பை எடுக்க வேண்டும். பில் எண்கள் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்வரிசையில் இருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. அது தணிக்கைக்காக வந்த விதியானாலும், காணாமல்போன பில்லைக் கண்டுபிடிக்க அதைப் போல வசதியானது வேறில்லை. மூன்றாம் கிளையின் இரண்டாம் கவுன்ட்டரில் ஞாயிறு முதல் பில் எண் 4,801. ஸ்லிப்பின்படி கடைசி எண் 4,986. திங்கள் காலை சர்வரில் இருந்த கடைசி எண் 4,972. இடையில் உள்ள 14 எண்கள்தான் தூங்கிக்கொண்டிருந்த 14 பில்கள். ரிப்போர்ட் போடும் முன்பே இதைப் பார்த்திருந்தால், ‘மூன்றாம் கிளையில் 14 பில் வர வேண்டியிருக்கிறது’ என்று ஒரு வரி சேர்த்துப் போட்டிருக்கலாம். குழுவில் பாதிக் கேள்விகள் வந்திருக்காது.

தொடர்வரிசை அறுந்திருந்தால் பில் வரவில்லை. ஒரே எண் இரண்டு முறை இருந்தால் அது கோளாறு. இணைப்பு விட்டு விட்டு வரும்போது கவுன்ட்டர் பில்லை அனுப்பும், ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் கிடைக்காமல் மறுபடி அனுப்பும். சர்வர் பில் எண்ணைச் சரிபார்க்காமல் வாங்கிக்கொண்டால் அந்த 14 பில்லும் இரட்டையாகிவிடும். விற்பனை மேலும் ரூ. 7,420 ஏறும், பில் எண்ணிக்கை 1,925க்குப் பதில் 1,939 ஆகும். அந்தக் கவுன்ட்டரில் ஸ்லிப்பின்படி 186 பில்தான் இருக்க வேண்டும், சர்வரில் 200 இருக்கும். ஒரே கவுன்ட்டரில், ஒரே எண்களில் குவிந்து நிற்கும் வித்தியாசம் இது. வழக்கமான மாற்றமோ பல கிளைகளிலும் சிதறிக் கிடக்கும்.

மாற்றம் போகும் வேகமும் சேதி சொல்லும். முதல் நாள் பெரிதாகவும், அடுத்தடுத்த நாட்களில் சிறிதாகவும் வந்து ஒரு வாரத்தில் அடங்கினால் அது ரிட்டர்னும் தாமத பில்லும். பூட்டிய நாளின் எண் திடீரென அசைந்தாலோ, மூன்று மாதத்துக்கு முந்தைய எல்லா நாட்களும் ஒரே விகிதத்தில் மாறினாலோ, யாரோ ரிப்போர்ட்டின் கணக்கிடும் முறையையே மாற்றியிருக்கிறார்கள். வரியோடு சேர்த்துக் காட்டியதை வரி இல்லாமல் காட்டத் தொடங்கியிருக்கலாம். மொத்தம் மாறாமல் பிரிவுகள் மட்டும் மாறியிருந்தால், ‘மளிகை’யில் இருந்த பொருளை ‘வீட்டுச் சாமான்’ பிரிவுக்கு நகர்த்தியிருப்பார்கள்.

எங்கள் ஊக்கத்தொகை எந்த எண்ணை வைத்து?

குழுவில் யாரும் வெளிப்படையாகக் கேட்காத, ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி இதுதான். மூன்றாம் கிளையின் ஊக்கத்தொகையை திங்கட்கிழமை ரிப்போர்ட்டை வைத்துப் போட்டால், அவர்கள் உழைத்து விற்ற 14 பில் விடுபடும். குக்கர் விற்ற கிளைக்கோ, திரும்பி வந்துவிட்ட குக்கருக்கும் சேர்த்துப் பணம் போகும். பூட்டிய எண்ணை வைத்துப் போட்டால் இரண்டும் சரியாகும், ஆனால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். எந்த எண், எந்தத் தேதியில் எடுத்தது என்று மாதத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் மாதக் கடைசியில் மேலாளரின் அறைமுன் கூட்டம் கூடாது.

வாட்ஸ்அப்பில் போடும் ரிப்போர்ட்டுக்குச் செய்ய வேண்டியது சின்ன வேலை. தலைப்பில் இப்படி இருந்தால் போதும்: ‘12ஆம் தேதி விற்பனை. எடுத்தது 14ஆம் தேதி காலை 9.00. முந்தைய எண் 8,46,250. மாற்றம்: தாமத பில் +7,420, ரத்து –1,860, திருத்தம் –1,090, ரிட்டர்ன் –5,130. இன்னும் பூட்டவில்லை.’ படிப்பவர் தானே கூட்டிச் சரிபார்த்துக்கொள்வார்.

20ஆம் தேதி காலை அந்த ஞாயிறு பூட்டப்பட்டது. 21ஆம் தேதி மதியம் ஒருவர் 12ஆம் தேதி பில்லோடு இன்னொரு குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவகாசம் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தார்கள். ஊரில் கல்யாணம், இன்றுதான் திரும்பினோம் என்றார். பழைய வாடிக்கையாளர். மேலாளர் வாங்கிக்கொண்டு ரூ. 2,450 கொடுத்தார். அது 21ஆம் தேதி கணக்கில் கழிந்தது. 12ஆம் தேதி விற்பனை அசையவில்லை.